முலாமுக்கு முந்தைய அளவு

நான் செய்த தப்புகளிலேயே பெரியதன் அளவு, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனுக்குக்கூட வராது. எண்பதுகளின் நடுவில், செம்பூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றின் தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு மாட்டுங்காவில். டிப்ளமோ முடித்து அந்தப் பிரிவில் சேர்ந்த முதல் பெண் நான்தான். அதனால் தலையில் கொஞ்சம் கனமும் வயிற்றில் நிறைய பயமும் சேர்ந்தே இருந்தன.

பம்பின் மூடியை உடலோடு பிடித்து வைக்க ஸ்டட்டுகள் வேண்டும். இரண்டு முனையிலும் மரை வெட்டிய, விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. குறுக்களவு பத்து மில்லிமீட்டர். துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் துத்தநாக முலாம் போட்டு, மஞ்சள் நிறம் ஏற்றுவார்கள். இவற்றைத் தாராவியில் ஒரு சின்னப் பட்டறை எங்களுக்குச் செய்து தந்துகொண்டிருந்தது. இரண்டு லேத், தகரக் கூரை, வாசலில் சாக்கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் நடத்தினார். நாற்பது வயதிருக்கும். அவரை நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மேடம் என்பார். இரண்டாவது லேத் அவருடைய மச்சானுடையது. மனைவியின் தம்பி. லேத்தும் அவன் வாங்கிப் போட்டது, ஓட்டுவதும் அவன்தான். அடுத்த சந்தில் முலாம் போடும் கடை. அதை ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து வந்த ஒரு பாய் வைத்திருந்தார்.

மரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் இரண்டு வளையங்கள் உண்டு. உள்ளே மரை வெட்டிய கெட்டியான எஃகு வளையங்கள். ஒன்று 'கோ'. அது ஸ்டட்டின் மேல் முழுவதும் தடையில்லாமல் திருகிப் போகவேண்டும். போகாவிட்டால் மரை தடித்துவிட்டது என்று அர்த்தம், நட்டும் ஏறாது. இன்னொன்று சிவப்புக் கோடு போட்ட 'நோ-கோ'. அது இரண்டு சுற்றுக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் மரை மெலிந்துவிட்டது, நட்டு ஆடும். கோ போகவேண்டும், நோ-கோ நிற்கவேண்டும். எல்.கே.ஜி. பாடம் மாதிரி இதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். மனப்பாடத்தோடு நின்றுவிட்டதுதான் வினை.

அதுவரை ஸ்டட்டுகளை முலாம் போட்ட பிறகு, செம்பூரில் எங்கள் மேஜைக்கு வந்த பிறகுதான் சோதிப்போம். வேறொரு பட்டறையின் சரக்கில் கிழிந்த மரைகளை முலாம் மூடி மறைத்துவிட்டதால், இனிமேல் முலாமுக்கு முன்னாலும் ஒரு தடவை பட்டறைக்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அவர் பாலக்காட்டுக்காரர், செம்பூரிலேயே வீடு. "நீ தாராவிக்குப் பக்கம்தானே, நீயே போயிட்டு வா" என்று என்னை அனுப்பினார். இரண்டு வளையங்களையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

நான் உள்ளே நுழைந்தபோது அண்ணாச்சி, வெட்டி முடித்த ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாமே சோதித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு பழைய வளையம். அதில் சிவப்புக் கோடு. அது ஒவ்வொரு ஸ்டட்டின் மேலும் வழுவழுவென்று திருகிப் போய்க் கடைசிவரை இறங்கியது. இறங்கியதும் அவர் திருப்தியாகத் தலையை ஆட்டி அதை நல்ல பெட்டியில் போட்டார். இறங்காத ஒன்றிரண்டைத் தனியே ஒதுக்கி வைத்தார். ஏறக்கூடாத வளையம் ஏறுகிறது, அதை ஏற்றவனே மகிழ்ந்து தலையாட்டுகிறான் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணாச்சி, நோ-கோ போறதே! இது எல்லாமே ரிஜெக்ட்."

"போவணும் மேடம். நோ-கோ இப்ப போவணும். அப்பத்தான் முலாம் போட்ட பொறவு நிக்கும். கோவும் பராபர், தடையில்லாம போவும்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எத்தன வருசமா வெட்டுதேன். முன்னால இருந்த சார் குடுத்துட்டுப் போன வளையம் இது. டையக் கொஞ்சம் இறுக்கி மெலிசா வெட்டணும். துத்தநாகம் வந்து ஏறிக்கிடும்லா."

முன்னால் இருந்த சார் வேலையை விட்டுப் பூனாவுக்குப் போய்விட்டிருந்தார். நான் அங்கேயே ஒரு கணக்குப் போட்டேன். முலாம் பன்னிரண்டு மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பக்கம் பன்னிரண்டு, எதிர்ப்பக்கம் பன்னிரண்டு, ஆக இருபத்து நாலு. மரைக்கு அனுமதித்த ஏற்ற இறக்கமோ நூற்றுமுப்பதுக்கு மேல். இந்த இருபத்து நாலுக்காக நோ-கோவே இறங்கும் அளவுக்கு ஒல்லியாக வெட்டுவானேன்? மரை வெட்டும் டையைச் சரியான அளவுக்கு வைக்காமல் ஓட்டுகிறார், கேட்டால் முலாமைச் சாக்கு சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

வரைபடத்தின் மூலையில் 'அளவுகள் முலாமுக்குப் பின்' என்று ஒரு வரி உண்டு. அதை நான் படித்திருந்தேன். ஸ்டட்டு முலாமுக்கு முன்னால் இருக்கும்போது, முலாமுக்குப் பின்னால் பார்க்கவேண்டிய வளையத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் உறைக்கவில்லை. அவர் சொன்னதும் அதேதான். அவர் சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தாராவியில் ஒரு லேத்காரர், பெண்பிள்ளை என்று என்னை ஏமாற்றப் பார்க்கிறார் என்ற எண்ணம் ஒரு தடவை வந்துவிட்ட பிறகு காது அடைத்துப்போயிற்று.

ரிஜெக்ட் ஆன சரக்கு மறுபடி கலந்து வராமலிருக்க, மரையை அங்கேயே பாழாக்கிவிட்டு வரவேண்டும் என்பது கம்பெனி விதி. நான் அதை விடவில்லை. நானூறு ஸ்டட்டுகள். மச்சான் லேத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றான். அவனைச் செய்யவிடாமல் அண்ணாச்சியே கிரைண்டரைப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து மரையைச் சக்கரத்தில் கொடுத்தார். பொறி பறந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பாதியில் மச்சான், "ஒங்களுக்கு அளவு தெரியலன்னா என்கிட்ட விட்டிருக்கலாம்ல அத்தான்" என்றான். அண்ணாச்சி அடுத்த ஸ்டட்டை எடுத்தார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு வாரம் கழித்து, மறுபடி வெட்டும்போது போனேன். அன்று மச்சான் கம்பி வாங்கப் போயிருந்தான். அண்ணாச்சி மட்டும்தான். முதல் ஸ்டட்டை வெட்டிக் கொடுத்தார். கோ போயிற்று, நோ-கோ நின்றது. ஆனாலும் கோ லேசாக ஆடியது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று, "ஆட்டம் இருக்கக் கூடாது, இன்னும் டைட்டா வெட்டுங்கோ" என்றேன். மரை தடிக்கும்படி அவர் டையைத் தளர்த்தினார். அடுத்தது கோவில் கச்சிதமாக, ஆடாமல் அசையாமல் ஏறியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"மேடம் சொல்லுதீய, வெட்டுதேன். பொறவு கோ போவலன்னா எங்கிட்ட கேக்கப்பிடாது."

"போகும் அண்ணாச்சி."

"கோவுல இப்பவே மூச்சு விட எடமில்ல. முலாம் எங்கன போயி உக்காரும்?"

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் பிடித்தேன்.

முலாம் போட்டு, மஞ்சள் பளபளப்போடு சரக்கு செம்பூருக்கு வந்தது. மேஜையில் முதல் ஸ்டட்டை எடுத்துக் கோவைத் திருகினேன். முனையிலேயே கடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவதும் அப்படியே. இருபதாவது வரை பார்த்தேன், ஒன்றும் போகவில்லை. முலாம் அதிகமாகிவிட்டது என்று கோபம் வந்தது. நேரே தாராவிக்குப் போய்ப் பாயிடம் சத்தம் போட்டேன்.

பாய் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "ஏம்மா, காலி-பீலி சும்மாவே என் மேல ஏன் பாயுறீங்க? உங்க லேப்லயே மெசின் இருக்கில்ல. தடிப்ப அளந்து பாருங்க. பதினஞ்சு இருந்தா என்னைச் செருப்பால அடிங்க."

அளந்தோம். பன்னிரண்டு, பதிமூன்று. பதினாலுகூட எங்கும் இல்லை. பாய் கேட்ட அளவு போட்டிருந்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், காகிதத்தில் மரையைப் பெரிதாக வரைந்து உட்கார்ந்தேன். மரை என்பது சரிவுகள். முலாம் உருண்டைத் தண்டின் மேல் பதிவதுபோல் அதில் பதியாது. சரிவின் மேல் பதியும். சரிவுக்குச் செங்குத்தாகப் பன்னிரண்டு என்றால், திருகின் நடுக்கோட்டிலிருந்து குறுக்கே அளக்கும்போது அது இருபத்து நாலு. எதிர்ப்பக்கமும் அப்படியே. ஆக நாற்பத்தெட்டு. வெளிவிட்டம் இருபத்து நாலுதான் கூடும். ஆனால் வளையம் கடித்துப் பிடிப்பது சரிவுகளை, அங்கே முலாம் ஒரு பங்கு ஏறினால் மரை நாலு பங்கு தடிக்கிறது. பதிமூன்றுக்கு ஐம்பத்திரண்டு. அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அந்த ஐம்பதையும் முன்கூட்டியே மரையிலிருந்து குறைத்து வெட்டியிருக்கவேண்டும். கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழாக வெட்டியிருந்தால், முலாமுக்கு முன் நோ-கோ அதன் மேல் இறங்கத்தான் செய்யும். முலாம் ஏறியதும் அதே நோ-கோ நிற்கும், கோ தாராளமாகப் போகும். தனி வளையம் வாங்க வசதியில்லாத ஒருவர், கையிலிருந்த நோ-கோவையே முலாமுக்கு முந்தைய கோவாக வைத்துக்கொண்டு நானூறையும் சரியாக வெட்டியிருந்தார். நான் அவற்றைக் கிரைண்டரில் கொடுக்க வைத்தேன். டப்பாவை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். மேனேஜர் முன்னால் நின்று, "ஆசிடுல முக்கி எடுத்தா முலாம் போயிரும் சார். டைய இறுக்கி இன்னொரு ஓட்டு ஓட்டிட்டு, மறுபடி முலாம் போட்டுத் தந்திருதேன். நாலு நாளு தாங்க" என்றார். நடக்கக்கூடியதுதான், சரக்கும் தப்பியிருக்கும். ஆனால் பம்புகள் இரண்டு நாளில் வண்டியேற வேண்டும். மேனேஜர் ஏற்கெனவே முலுண்டில் ஒரு பட்டறைக்குப் போன் செய்து ஸ்டட்டுகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

எங்கள் கம்பெனியில் இன்னொரு விதி இருந்தது. ஒரு பட்டறையின் சரக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை ரிஜெக்ட் ஆனால், அந்தப் பட்டறையின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். அண்ணாச்சியின் பட்டறைக்கு எங்களைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி வேறு வேலை கிடையாது. முதல் ரிஜெக்ட் தப்பு, என் தப்பு என்று நான் ஒரு வரி எழுதினால் மீதியிருப்பது ஒன்றுதான். அதுவும் நான் நின்று வெட்டச் சொன்னது. பெயர் தப்பிக்கும்.

மேனேஜர் காரணத்தை எழுதிக் கொண்டுவா என்றார். அண்ணாச்சி அங்கேயே இருந்தார். என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. என் மேஜைக்குப் போய் எழுதினேன்: 'முலாமின் தடிமனுக்கு இடம் விடாமல் மரை வெட்டப்பட்டுள்ளது.' ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. யார் சொல்லி வெட்டப்பட்டது என்பதை மட்டும் எழுதவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று அது என் பேனாவில் இறங்கி வந்தது.

மூன்று நாள் தூக்கமில்லை. நாலாம் நாள் மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்க பாரு, அந்த ஃபைல் மேல போயாச்சு. இப்போ அதைத் தொறந்து என்னன்னு எழுதறது? நம்ம இன்ஸ்பெக்டருக்கு முலாம் அளவு தெரியாது, நல்ல சரக்கை உடைக்கச் சொன்னான்னா? ஒன் வேலை போகும். பொண்ணை ஏன் அனுப்பிச்சேன்னு என்னையும் கேப்பா. கத்துண்டாச்சோல்லியோ, போ."

எனக்கு அவமானம் வரும் முன்னால் நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, முலாமுக்கு முன்னால் சோதிக்கத் தனி வளையங்கள், ஐம்பது மைக்ரான் கீழே இறக்கி, வாங்கவேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். புத்திசாலித்தனமான யோசனை என்று மேலிடத்தில் பாராட்டினார்கள். அண்ணாச்சியின் பழைய வளையம் செய்துகொண்டிருந்த வேலைதான் அது.

ரிஜெக்ட் ஆன ஸ்டட்டுகளைத் திருப்பி எடுத்துப்போக அண்ணாச்சி கம்பெனி கேட்டுக்கு வந்தார். வெளியே போகும் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டியது நான். போட்டுக் கொடுத்தேன். அவர் நகரவில்லை.

"மேடம், பட்டியல்ல பேரு போனது போவட்டும். அதப் பத்தி நான் கேக்க வரல. எம் மச்சான் லேத்தக் கழத்திட்டுப் போறேங்கான். மொதல்ல மெலிசா வெட்டி நாசமாக்குனீங்க, அடுத்தது தடியா வெட்டி நாசமாக்குனீங்க, அத்தானுக்குக் கை போயிருச்சுங்கான். மேடம் சொன்னாங்கன்னு நான் சொன்னா, படிச்ச பொம்பள அப்படிச் சொல்லுமான்னு கேக்கான். நீங்க ஒரு வரி எழுதித் தாங்க. மொதல்ல வெட்டினது சரியான அளவுதான்னு. இந்தச் சீட்டுப் பின்னாலயே எழுதுங்க. ஆபீசுல ஒருத்தங்கிட்டயும் காட்ட மாட்டேன்."

சீட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். பேனா என் கையில்தான் இருந்தது. எழுதியிருக்கலாம். ஐந்து வார்த்தை. என் கையெழுத்தில் ஒரு காகிதம் தாராவியில் இருக்கும், அது என்றாவது செம்பூருக்குத் திரும்பி வரும் என்பதுதான் எனக்குத் தோன்றியது.

"எழுத வேண்டாம் அண்ணாச்சி. நானே வந்து அவன்கிட்ட நேர்ல சொல்றேன். ஞாயித்துக்கிழமை வரேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க மேடம். நேருல சொன்னா இன்னும் நல்லது. ரெண்டு மணிக்கு மேல வாங்க, அவனைப் பிடிச்சி வைக்கேன்" என்று சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தே போகலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை புடவையைக்கூட மாற்றிக்கொண்டேன். இரண்டு மணிக்குப் போனால் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மூன்று மணிக்கு வெயில் என்று நினைத்தேன். நாலரைக்கு அம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டுப் புடவையை மடித்து வைத்தேன்.

மழைக்காலம் வந்த பிறகு, வேறொரு சரக்கு விஷயமாகப் பாயின் கடைக்குப் போகவேண்டி வந்தது. அண்ணாச்சியின் பட்டறை இருந்த இடத்தில் யாரோ தோல்பை தைத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் தன் லேத்தோடு ஆண்டாப் ஹில் பக்கம் போய்விட்டான், அண்ணாச்சி மாஹிமில் யாரிடமோ கூலிக்கு லேத் ஓட்டுகிறார் என்று பாய் சொன்னார். நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்.

"மச்சான் லேத்தக் கழத்துன அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன்மா. ஞாயித்துக்கிழமை. இன்னும் ஒரு மணிநேரம் இருடா, இன்னும் ஒரு மணிநேரம் இருடான்னு பொழுது சாயுற வரைக்கும் அவன நிறுத்தி வச்சிக்கிட்டிருந்தாரு. யாரோ வாறேன்னு சொல்லியிருந்தாங்களாம்."